பத்து சென்ட் நிலமும் 648 மில்லிகிராம் காட்மியமும்

மதுரைக்குத் தெற்கே, நகரத்துக் கழிவுநீர் கலந்து வரும் ஒரு வாய்க்காலின் ஓரத்தில் எங்கள் குடும்பத்துக்குப் பத்து சென்ட் நிலம் இருக்கிறது. கரிசல் கலந்த வண்டல் மண். என் சின்னம்மா அதில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கீரை பயிரிட்டு வந்தார். வாய்க்காலின் மேல்புறத்தில் ஒரு காலத்தில் முலாம் பூசும் சிறு பட்டறைகள் சில இயங்கியதை அறிந்திருந்ததால், 2021 ஜனவரியில் மண்ணை உலோகங்களுக்காகச் சோதிக்கக் கொடுத்தேன். ராஜதிராவகம் என்னும் கடும் அமிலக் கலவையில் செரித்து அளந்த மொத்தக் காட்மியம் கிலோவுக்கு 2.4 மில்லிகிராம் என்றும், ஈயம் 90 மில்லிகிராம் என்றும் அறிக்கை வந்தது. மண்ணை வெட்டி அகற்ற வேண்டிய அளவுக்கு இது மோசமில்லை. ஆனாலும் கீரை போடும் மண்ணில் இருக்கக் கூடாத அளவு. செடிகளை வைத்தே உலோகத்தை உறிஞ்சி எடுக்க முடியுமா, முடியுமென்றால் எத்தனை ஆண்டுகள் ஆகும் என்ற கேள்விகளுக்கு நான் கணக்குப் போட்ட விதத்தையும் அதில் செய்த தவறுகளையும் இங்கே எழுதுகிறேன்.

மண்ணில் எவ்வளவு உலோகம் கிடக்கிறது என்பதை எடைக் கணக்காக மாற்றுவதுதான் முதல் வேலை. கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்ற செறிவை மட்டும் வைத்துக்கொண்டு ஆண்டுக் கணக்குப் போட முடியாது. வேர்கள் பெரும்பாலும் பரவும் மேல் 20 சென்டிமீட்டரை எடுத்துக்கொண்டேன். 10 சென்டிமீட்டர் விட்டமும் 10 சென்டிமீட்டர் நீளமும் உள்ள ஒரு பிவிசி குழாய்த் துண்டை மண்ணில் நேராக அறைந்து, உள்ளே நின்ற மண்ணைச் சிதறாமல் எடுத்து, 105 டிகிரி சூட்டில் உலர்த்தி எடை போட்டபோது 1,060 கிராம் வந்தது. குழாயின் கொள்ளளவு 785 கன சென்டிமீட்டர் என்பதால் மண்ணின் பரும அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.35 கிராம் ஆகிறது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் 20 சென்டிமீட்டர் ஆழத்துக்கு 270 கிலோ மண் இருக்கிறது என்று பொருள். அதை 2.4 ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கு 648 மில்லிகிராம் காட்மியம். பத்து சென்ட் என்பது ஏறத்தாழ 405 சதுர மீட்டர். ஆக முழு நிலத்திலும் கால் கிலோவுக்குச் சற்று அதிகமான காட்மியம் பரவிக் கிடக்கிறது. இதன் பிறகு எல்லாக் கணக்கையும் சதுர மீட்டருக்கே போட்டேன். பாத்தியில் அறுவடை செய்து தராசில் வைக்கும் எடையோடு நேராக ஒப்பிட்டுப் பார்க்க அதுவே வசதியாக இருந்தது.

மண் மாதிரி எடுத்த விதத்தையும் சொல்ல வேண்டும். வயலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து 25 இடங்களில் எடுத்துக் கலந்து, கால்பங்கு முறையில் அரைக் கிலோவாகக் குறைத்தேன். துத்தநாகம் பூசிய இரும்பு வாளியைத் தவிர்த்துப் பிளாஸ்டிக் தொட்டியில் கலந்தேன். கலந்த மண்ணில் பாதியை உலர்த்தி ஒரு கண்ணாடிப் புட்டியில் அடைத்து, நாள் எழுதி, அலமாரியில் வைத்தேன். அன்றைக்கு அதைச் சும்மா ஒரு முன்னெச்சரிக்கையாகத்தான் செய்தேன். பிறகு அதுவே பெரிய உதவியாக அமைந்தது.

எந்தச் செடி என்று விசாரித்தபோது ஏறக்குறைய எல்லோரும் வெட்டிவேரைத்தான் சொன்னார்கள். வெட்டிவேர் உலோகத்தைத் தாங்கி வளரும் என்பது உண்மை. ஆனால் அது எடுத்துக்கொள்ளும் உலோகத்தின் பெரும்பகுதியை வேரிலேயே நிறுத்திக்கொள்கிறது. மேலே தழைக்கு மிகக் குறைவாகவே அனுப்புகிறது. கரையைப் பிடித்து நிறுத்தவும், மண் அரித்துக்கொண்டு போகாமல் தடுக்கவும் அது ஏற்றது. உலோகத்தை வயலை விட்டு வெளியேற்ற வேண்டுமானால் வேரையெல்லாம் தோண்டி எடுக்க வேண்டும். எனக்குத் தேவைப்பட்டது, உலோகத்தைத் தண்டுக்கும் இலைக்கும் ஏற்றி, அரிவாளால் அறுத்து எடுத்துச் செல்லக்கூடிய இடத்தில் கொண்டுவந்து வைக்கும் செடி. காட்மியத்தை மிகையாகச் சேர்க்கும் செடிகள் உலகில் சில உண்டு. அவற்றுள் பெயர் பெற்ற நொக்கேயா கேருலெசன்ஸ் ஐரோப்பாவின் குளிர்ந்த மலைப்பகுதிகளைச் சேர்ந்த சிறு செடி. மதுரை வெயிலில் அது ஒரு வாரம்கூடத் தாங்காது. டெரிஸ் விட்டாட்டா என்னும் பெரணி நம் ஊர்ப் பழஞ்சுவர்களிலேயே முளைப்பது. ஆனால் அதன் திறமை ஆர்செனிக்கில்தான்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. செடியில் உலோகச் செறிவு எவ்வளவு அதிகம் என்று மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் ஏமாந்துபோவோம். வயலை விட்டு வெளியேறும் உலோகம் என்பது செறிவையும் உலர் எடையையும் பெருக்கி வருவது. செறிவில் பாதியாக இருந்தாலும் எடையில் மூன்று மடங்கு விளையும் செடியே முந்தும். ஆகவே விதை எளிதில் கிடைக்கும் ஐந்து செடிகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு மீட்டர் சதுரத்தில் மூன்று பாத்திகள் போட்டேன். ஓரச் செடிகளுக்கு வெளிச்சமும் இடமும் கூடுதலாகக் கிடைத்து அவை கொழுத்து வளரும் என்பதால், நடுவில் உள்ள ஒரு சதுர மீட்டரை மட்டும் அறுத்து எடை போட்டேன். கடுகைக் கார்த்திகையிலும் மற்ற நான்கையும் ஆடியிலும் விதைத்தேன்.

சராசரியாக எனக்குக் கிடைத்தவை இவை. கடுகு 280 கிராம் உலர் எடை தந்தது. அதில் கிலோவுக்கு 4 மில்லிகிராம் காட்மியம். சூரியகாந்தி 820 கிராம், 2.6 மில்லிகிராம். செண்டுமல்லி 520 கிராம், 3.8 மில்லிகிராம். தண்டுக்கீரை 380 கிராம், 5.2 மில்லிகிராம். மணத்தக்காளி 300 கிராம்தான் வந்தது. ஆனால் செறிவு 9.5 மில்லிகிராம். பெருக்கிப் பார்த்தால், ஒரு சதுர மீட்டரிலிருந்து ஒரு போகத்தில் கடுகு 1.1 மில்லிகிராமும், சூரியகாந்தி 2.1 மில்லிகிராமும், செண்டுமல்லியும் தண்டுக்கீரையும் ஏறத்தாழ 2 மில்லிகிராமும், மணத்தக்காளி 2.85 மில்லிகிராமும் வெளியே கொண்டுவருகின்றன. உலோகம் உறிஞ்சும் செடி என்று நூல்களில் அதிகம் பேசப்படும் கடுகு கடைசியில் நின்றது. நம் ஊர்ச் சூட்டில் அது ஒரு மாதத்திலேயே பூவெடுத்துவிடுகிறது. உடம்பு வைப்பதற்கு அவகாசமே இல்லை.

மணத்தக்காளி முதலிடம் பிடித்தது எனக்கு வியப்பாக இல்லை. காட்மியத்தைச் சேர்ப்பதில் அந்தச் செடி பெயர் பெற்றது. வயிற்றுப்புண்ணுக்கும் வாய்ப்புண்ணுக்கும் நாம் தேடிப் பறித்து உண்ணும் கீரை, மாசுபட்ட மண்ணில் நான் போட்ட மற்றச் செடிகளையெல்லாம்விட அதிகமாக அந்த உலோகத்தை இழுக்கிறது என்பதுதான் மனத்தை உறுத்தியது. பச்சைக் கீரையில் பத்தில் ஒரு பங்கு உலர்பொருள் என்று வைத்துக்கொண்டால், அந்தப் பாத்தியின் கீரையில் கிலோவுக்கு ஒரு மில்லிகிராமுக்கு நெருக்கமான காட்மியம் இருந்தது. இலைக்கீரைகளுக்குக் கோடெக்ஸ் உணவுத் தரநிலை வைத்திருக்கும் வரம்பு 0.2 மில்லிகிராம்.

இந்த எண்கள் சுத்தமாகக் கிடைப்பதற்கு முன்பு இரண்டு தவறுகளைச் செய்தேன். முதல் தவறு எடையில். வெயிலில் மூன்று நாள் காயவைத்த சூரியகாந்தியை உலர்ந்துவிட்டதாக எண்ணி எடை போட்டேன். 930 கிராம் வந்தது. அதே கட்டிலிருந்து ஒரு பிடியை 70 டிகிரி அடுப்பில் வைத்து, இரண்டு முறை தொடர்ந்து நிறுத்தும் எடை மாறாத வரை உலர்த்தியபோது அதில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு ஈரம் ஒளிந்திருந்தது தெரிந்தது. ஆய்வகம் செறிவை முழு உலர் எடைக்குத்தான் சொல்லும். நாம் ஈரத்தோடு நிறுத்த எடையால் அதைப் பெருக்கினால் வெளியேறும் உலோகத்தை மிகுத்துக் காட்டிவிடுவோம்.

இரண்டாவது தவறு அதைவிடப் பெரியது. முதலில் அனுப்பிய செண்டுமல்லி மாதிரியில் ஈயம் கிலோவுக்கு 4.6 மில்லிகிராம் என்று வந்தது. ஈயத்தைப் பொதுவாகச் செடிகள் மேலே ஏற்றுவதில்லை என்று படித்திருந்ததால், நம் மண்ணில் மட்டும் எப்படியோ ஏறுகிறது என்று ஒரு மகிழ்ச்சி வந்தது. அதே அறிக்கையில் இரும்பு 1,450 மில்லிகிராம் என்று இருந்ததை நான் கவனிக்கவில்லை. இரண்டாம் முறை இலைகளைக் குழாய் நீரில் அலசி, பிறகு வாலைவடிநீரில் இருமுறை கழுவி அனுப்பியபோது இரும்பு 250 ஆகவும் ஈயம் 1.1 ஆகவும் இறங்கிவிட்டன. மண்ணில் இரும்பு ஏறத்தாழ நூற்றுக்கு மூன்று பங்கு இருக்கிறது. அதாவது கிலோவுக்கு 30,000 மில்லிகிராம். கழுவியபோது குறைந்த 1,200 மில்லிகிராம் இரும்பு, இலையில் நூற்றுக்கு நான்கு பங்கு புழுதி ஒட்டியிருந்ததைக் காட்டுகிறது. 90 மில்லிகிராம் ஈயம் உள்ள மண்ணில் நான்கு விழுக்காடு என்றால் 3.6 மில்லிகிராம். நான் கண்டு மகிழ்ந்த ஈயத்தின் பெரும்பகுதி செடிக்குள் போனதே இல்லை. இலைமேல் ஒட்டியிருந்த மண்தான். அதிலிருந்து, அறிக்கை வந்ததும் முதலில் இரும்பின் எண்ணைப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். இலையில் இரும்பு ஆயிரத்தைத் தாண்டியிருந்தால் அந்த மாதிரியின் ஈயத்தை நம்புவதில்லை. காட்மியத்தில் இந்தப் பிழை சிறியது. ஏனெனில் மண்ணில் உள்ள செறிவைவிடச் செடியில் உள்ள செறிவே அதிகம்.

ஈயத்தை அதோடு கைவிட்டேன். ஈடிடிஏ போன்ற வேதிப்பொருளை மண்ணில் ஊற்றினால் ஈயம் கரைந்து செடிக்குள் ஏறும் என்பது உண்மைதான். ஆனால் கரைந்த ஈயம் வேருக்குப் போகும் அளவுக்கு நிலத்தடி நீருக்கும் இறங்கும். எங்கள் கிணறு நாற்பது அடி தள்ளி இருக்கிறது.

இப்போது ஆண்டுக் கணக்குக்கு வருகிறேன். மாசிப்பட்டத்தில் சூரியகாந்தி, ஆடியில் செண்டுமல்லி, கார்த்திகையில் கடுகு என்று மூன்று போகம் எடுத்தால் ஆண்டுக்கு 2.1, 2, 1.1 ஆகியவை சேர்ந்து 5.2 மில்லிகிராம் வெளியேறும். 648 மில்லிகிராமைப் பாதியாக்க வேண்டுமென்றால் 324 ஐ 5.2 ஆல் வகுக்கலாம். 62 ஆண்டுகள் வரும். இந்த வகுத்தல் கணக்கு இன்னும் நம்மை ஏமாற்றுகிறது. மண்ணில் உலோகம் குறையக் குறையச் செடி எடுப்பதும் குறையும். முதல் ஆண்டு எடுத்த அளவையே கடைசி ஆண்டும் எடுக்காது. மண்ணுக்கும் செடிக்கும் உள்ள விகிதம் மாறாமல் இருக்கும் என்று வைத்துக்கொண்டால் இந்தச் சூத்திரம் பொருந்தும்:

```
t = (M × C0 / U0) × ln(C0 / Ct)
```

இதில் `t` ஆகும் ஆண்டுகள், `M` ஒரு சதுர மீட்டரில் உள்ள மண்ணின் எடை, `C0` இன்றைய செறிவு, `Ct` எட்ட வேண்டிய செறிவு, `U0` முதல் ஆண்டில் வெளியேறும் அளவு, `ln` இயல் மடக்கை. எண்களைப் போட்டால் பாதியாவதற்கு 86 ஆண்டுகள் ஆகின்றன. மூன்று போகமும் மணத்தக்காளியே போட்டாலும் 52 ஆண்டுகள்.

இந்த விடையைப் பார்த்ததும் திட்டத்தையே மூட்டை கட்டிவிடலாம் என்று தோன்றியது. பிறகு, நான் எட்ட நினைக்கும் இலக்குச் சரியானதா என்று யோசித்தேன். மொத்தக் காட்மியத்தின் பெரும்பகுதி களிமண்ணிலும் சுண்ணாம்பிலும் இரும்பு ஆக்சைடுகளிலும் பிணைந்து கிடக்கிறது; வேர் அதைத் தொடுவதில்லை. நம் மண் ஆய்வகங்கள் துத்தநாகப் பற்றாக்குறையைக் கண்டறிய வழக்கமாகப் பயன்படுத்தும் டிடிபிஏ கரைசலைக் கொண்டே காட்மியத்தையும் பிரித்து அளக்கலாம். செடிக்குக் கிடைக்கக்கூடிய பகுதியை அது ஓரளவு காட்டுகிறது. எங்கள் மண்ணில் அது 0.42 மில்லிகிராம். உணவு வரம்பிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டேன். தண்டுக்கீரையில் நூற்றுக்கு ஒன்பது பங்கு உலர்பொருள் என்றால், பச்சைக் கீரையில் 0.2 என்ற வரம்பு உலர் எடையில் 2.2 ஆகிறது. இன்றைக்கு இருப்பது 5.2. எனவே மண்ணின் கிடைக்கும் காட்மியம் 0.42 இலிருந்து 0.18 ஆகக் குறைந்தால் தண்டுக்கீரை வரம்புக்குள் வந்துவிடும் என்று எதிர்பார்க்கலாம். 0.42 ஐ 270 கிலோவால் பெருக்கினால் சதுர மீட்டருக்கு 113 மில்லிகிராம். அதே சூத்திரத்தில் இதைப் போட்டால் 19 ஆண்டுகள் வருகின்றன. மொத்தக் காட்மியமே அந்த விகிதத்தில் குறைந்தாக வேண்டும் என்று கொண்டால் 107 ஆண்டுகள்.

உண்மை இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கும். கிடைக்கும் பகுதியைச் செடி காலி செய்யச் செய்ய, பிணைந்து கிடக்கும் பகுதியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்து இடத்தை நிரப்பும். நிரப்புவது எவ்வளவு மெதுவாக நடக்கிறதோ அவ்வளவுக்கு விடை 19 ஐ நெருங்கும். வேகமாக நடந்தால் 107 பக்கம் நகரும். இந்த நிலத்தில் அது எவ்வளவு வேகம் என்பதைப் பல ஆண்டுகள் அளந்துதான் அறிய முடியும். எனவே யாராவது ஒற்றை எண்ணாக ஆண்டைச் சொன்னால், அது எந்த அனுமானத்தின்மேல் நிற்கிறது என்று கேட்க வேண்டும்.

உறிஞ்சுதலைக் கூட்ட மண்ணை அமிலமாக்கலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். எங்கள் மண்ணின் பிஎச் 7.9, சுண்ணாம்புச் சத்து நூற்றுக்கு இரண்டு பங்கு. அதாவது சதுர மீட்டருக்கு 5.4 கிலோ சுண்ணாம்புக் கல் மண்ணில் கலந்து கிடக்கிறது. அது தீரும் வரை பிஎச் அசையாது. நூறு கிராம் சுண்ணாம்பைத் தீர்க்க, மண்ணில் அமிலமாக மாறும் கந்தகம் 32 கிராம் வேண்டும் என்ற கணக்கில், முழு நிலத்துக்கும் 700 கிலோ கந்தகம் தேவைப்படும். அந்த யோசனை அங்கேயே முடிந்தது. செவலை மண் உள்ளவர்களுக்கு இது வேறு மாதிரி அமையலாம்.

செடிகளைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்ததில் தண்ணீரை மறந்திருந்தேன். பயிர்களுக்கு ஆண்டுக்குச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 700 லிட்டர் வாய்க்கால் நீர் பாய்கிறது. அந்த நீரைச் சோதித்தபோது லிட்டருக்கு 0.006 மில்லிகிராம் காட்மியம் இருந்தது. பாசன நீருக்கு உலக உணவு வேளாண்மை அமைப்பு பரிந்துரைக்கும் மேல் வரம்பு 0.01, ஆகவே நீர் நல்ல நீர்தான் என்று அறிக்கையைப் பார்ப்பவர் சொல்வார். பெருக்கிப் பார்த்தால் ஆண்டுக்கு 4.2 மில்லிகிராம் உள்ளே வருகிறது. மூன்று போகமும் பாடுபட்டு வெளியேற்றுவது 5.2. நிகரமாகக் கழிவது ஒரே ஒரு மில்லிகிராம். வரம்புக்குச் சமமான நீர் வந்திருந்தால் வயல் ஆண்டுதோறும் இன்னும் மாசடைந்துகொண்டே போயிருக்கும். செடிகள் ஒருபுறம் அள்ள, வாய்க்கால் மறுபுறம் கொட்டியிருக்கும். வரம்பு என்பது நீர் பாசனத்துக்கு ஏற்றதா என்று பார்ப்பதற்காக வைத்தது. மண்ணைச் சுத்தம் செய்பவனின் கணக்குக்கு அது உதவாது.

எனவே 2022 மாசியில் முழு நிலத்திலும் விதைப்பதற்கு முன் வாய்க்கால் மடையை அடைத்துவிட்டு ஆழ்துளைக் கிணற்று நீருக்கு மாறினேன். அந்த நீரில் காட்மியம் அளவிடக்கூடிய எல்லைக்குக் கீழே இருந்தது. ஆனால் உப்பு நீர். நீரில் உள்ள குளோரைடு காட்மியத்தோடு இணைந்து, அது மண்ணை விட்டுக் கரைந்து செடிக்குள் ஏறுவதை எளிதாக்கும். அறுத்து எறியும் செடிக்கு இது சாதகம். கீரை பயிரிடுபவருக்குப் பாதகம். மாசுபட்ட மண்ணில் உப்பு நீர் பாய்ச்சிக் கீரை வளர்ப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

மணத்தக்காளியை ஏன் விட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சோதனைப் பாத்திகள் இருந்தபோதே ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால் ஒரு பாத்தியின் கொழுந்துகள் கிள்ளப்பட்டிருந்தன. யாரோ வழிப்போக்கர் வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார். அடுத்த வாரம் பக்கத்து வயல்காரரின் ஆடு தண்டுக்கீரைப் பாத்தியில் நின்றது. நான் கீரைக் கட்டுகளைச் சாக்கில் கட்டுவதைப் பார்த்துவிட்டு அவர், “என்னண்ணே, இவ்வளவு நல்ல கீரையை மூட்டை கட்டிக் குழியில போடுறீங்க? எங்க வீட்டுக்காச்சும் குடுங்க” என்றார். விளக்கிச் சொன்னேன். “பார்த்தா ஒண்ணுமே தெரியலையே” என்று இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்த அளவு காட்மியம் செடியை வாட்டாது, நிறத்தை மாற்றாது, சுவையையும் மாற்றாது; பார்த்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை. வேலி போடலாம், பலகை வைக்கலாம். ஆனால் இருபது ஆண்டுகள் நீடிக்கப்போகும் வேலையில் ஒரு நாள்கூடத் தவறாமல் காவல் காக்க என்னால் முடியாது. கையெட்டும் தூரத்தில் உண்ணக்கூடிய தழை இருக்கக் கூடாது என்பதை ஒரு நிபந்தனையாக ஏற்றுக்கொண்டு, ஆண்டுக்கு மூன்று மில்லிகிராமுக்கு மேல் கூடுதலாக எடுக்கும் வாய்ப்பை விட்டுக்கொடுத்தேன். கடுகுக்கும் அந்த ஆபத்து உண்டு என்றாலும், கடுகுத் தழையை உண்ணும் வழக்கம் எங்கள் பகுதியில் அதிகமில்லை.

மூன்று ஆண்டுகள் முழு நிலத்திலும் பயிரிட்டதில், வெளியேறிய காட்மியம் முதல் ஆண்டு சதுர மீட்டருக்கு 3.9 மில்லிகிராமாகவும், அடுத்த ஆண்டு 4.4 ஆகவும், மூன்றாம் ஆண்டு 4.6 ஆகவும் இருந்தது. சோதனைப் பாத்தி சொன்ன 5.2 ஒரு முறையும் வரவில்லை. முளைக்காத இடங்கள், களை, ஐப்பசி மழையில் சாய்ந்த செண்டுமல்லி என்று பெரிய வயலுக்கே உரிய இழப்புகள் இருக்கின்றன. சோதனைப் பாத்தியின் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துவிட்டு ஆண்டுக் கணக்குப் போடுவதே நியாயம் என்று இப்போது எண்ணுகிறேன்.

முதல் ஆண்டு இழப்பில் ஒரு பகுதி என் தவறு. சூரியகாந்தியை விதை முற்றும் வரை நிற்கவிட்டேன். அதற்குள் அடியிலைகள் காய்ந்து உதிர்ந்துவிட்டன. ஒரு பாத்தியைச் சுற்றி வலை கட்டி உதிர்ந்ததைச் சேகரித்துப் பார்த்தபோது, சதுர மீட்டருக்கு 60 கிராம் சருகும் அதில் கிலோவுக்கு 4.5 மில்லிகிராம் காட்மியமும் இருந்தன. முதிர்ந்த இலையில்தான் காட்மியம் அதிகம் சேர்கிறது. அது உதிர்ந்தால் எடுத்த உலோகம் மண்ணுக்கே திரும்பிவிடும். அந்தச் சருகில் இருந்தது மட்டும் சூரியகாந்தி வெளியேற்றும் அளவில் எட்டில் ஒரு பங்கு. மறு ஆண்டிலிருந்து பூ விரிந்ததும், அடியிலை பழுக்கத் தொடங்குவதற்கு முன்பே அறுத்துவிடுகிறேன்.

2023 இல் மண்ணை மறுபடியும் சோதித்தபோது டிடிபிஏ காட்மியம் 0.47 என்று வந்தது. தொடங்கும்போது 0.42, ஓராண்டு உழைத்த பிறகு கூடியிருக்கிறதா? மடையில் கசிவு இருக்கிறதோ என்று இரண்டு நாள் வாய்க்கால் கரையில் அலைந்தேன். பிறகுதான் அலமாரியில் இருந்த புட்டி நினைவுக்கு வந்தது. 2021 இல் எடுத்த அதே பழைய மண்ணையும் புதிய மண்ணையும் ஒன்றாக, எது எது என்று சொல்லாமல் அனுப்பினேன். பழைய மண் 0.46 காட்டியது, புதியது 0.45. மண் மாறவில்லை, ஆய்வகத்தின் அளவைதான் மாறியிருந்தது. ஆண்டுக்கு நூற்றுக்கு நான்கு பங்கு குறையும் என்று எதிர்பார்க்கும் இடத்தில், மாதிரி எடுப்பதிலும் அளப்பதிலும் வரும் பிழையே நூற்றுக்குப் பத்து பங்கு இருக்கும்போது, ஓராண்டுச் சோதனையில் முன்னேற்றத்தைத் தேடுவது வீண் செலவு. பழைய மாதிரி கைவசம் இல்லாவிட்டால் ஐந்து ஆண்டுகள் கழித்துக்கூட உறுதியாக ஒன்றும் சொல்ல முடியாது.

மூன்றாம் ஆண்டு முடிவில் இரண்டையும் சேர்த்து அனுப்பியபோது பழைய மண் 0.43, புதிய மண் 0.40. ஏழு விழுக்காடு குறைவு. செடிகள் மூலம் வெளியேறியது மொத்தம் 12.9 மில்லிகிராம், கிடைக்கும் பகுதியான 113 இல் அது பதினொரு விழுக்காடு. வெளியே போனது பதினொன்று, மண்ணில் குறைந்தது ஏழு என்றால், மீதியைப் பிணைந்து கிடந்த பகுதி நிரப்பியிருக்கலாம். இரண்டு எண்களும் பிழையின் எல்லைக்குள் இருப்பதால் இதை அழுத்திச் சொல்ல மாட்டேன். ஆனாலும் என் கணக்கேட்டில் 19 ஆண்டுகளை அடித்துவிட்டேன். ஆண்டுக்கு 4.3 என்ற உண்மையான சராசரியைச் சூத்திரத்தில் போட்டாலே 23 ஆண்டுகள் வருகின்றன. மண் நிரப்புவதையும் சேர்த்து முப்பதுக்கு மேல் என்று எழுதியிருக்கிறேன்.

அறுத்த தழையை என்ன செய்வது என்பது இன்னும் முழுமையாகத் தீரவில்லை. ஆண்டுக்கு ஐநூறு கிலோவுக்கு மேல் உலர்ந்த தழை சேர்கிறது. திறந்த வெளியில் எரிக்கக் கூடாது. காட்மியம் எளிதில் ஆவியாகிப் புகையோடு போய்விடும். மக்க வைத்தால் எடை பாதியாகும், உலோகம் அப்படியே இருக்கும். தழையின் சராசரிச் செறிவு கிலோவுக்கு 3.2 என்றால் மக்கிய உரத்தில் 6.4 ஆகும், உரக் கட்டுப்பாட்டு ஆணை கம்போஸ்டுக்கு வைத்திருக்கும் வரம்பு 5 மில்லிகிராம். எங்கள் நிலத்தைப் போல மாசு குறைவான நிலத்தில் விளைந்த தழையை மக்க வைத்த உரமே இந்த வரம்பைத் தாண்டிவிடுவது கவனிக்க வேண்டியது. இப்போதைக்கு மேட்டில் குழி எடுத்து, தடித்த பாலித்தீன் விரித்து, மேலே தகரக் கூரை போட்டு அதில் சேர்த்து வருகிறேன். ஒவ்வோர் ஆண்டும் அதற்குள் போவது 1.7 கிராம் காட்மியம்.

சின்னம்மாவுக்குக் கீரைக்காக வாய்க்காலிலிருந்து விலகி இருக்கும் வேறு ஐந்து சென்டைக் குத்தகைக்குப் பிடித்துக் கொடுத்தேன். அந்த மண்ணை முதலில் சோதித்த பிறகுதான். இந்தப் பத்து சென்டில் வரும் மாசியில் மறுபடியும் சூரியகாந்தி. 2026 கடைசியில், அதே 25 இடங்களில் மண் எடுத்து, புட்டியில் மிஞ்சியிருக்கும் பழைய மண்ணோடு சேர்த்து அனுப்புவேன். அந்தப் புட்டியில் இன்னும் இரண்டு சோதனைகளுக்குப் போதுமான மண்தான் இருக்கிறது. 2021 இல் அரைப் புட்டிக்குப் பதிலாக ஒரு டப்பா நிறைய எடுத்து வைத்திருக்கலாம்.